150 கோடி பங்குகள் 1,361 கோடி ஆன கதை

2024 செப்டம்பரில் சுஸ்லான் எனர்ஜி நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. 2008 ஜனவரியில், அந்த நிறுவனம் புகழின் உச்சியில் இருந்தபோதுகூட அதன் சந்தை மதிப்பு 70,000 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவுதான். நிறுவனம் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது என்றால், 2008-ல் வாங்கி விடாமல் வைத்திருந்தவர்கள் லாபத்தில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 2008 ஜனவரியில் அந்தப் பங்கின் விலை 450 ரூபாய்க்கு மேல். 2024 செப்டம்பரில் 86 ரூபாய். நிறுவனத்தின் மதிப்பு கூடியிருக்கிறது, பங்கின் விலை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இருக்கிறது.

இரண்டுமே உண்மைதான். இடையில் பங்குகளின் எண்ணிக்கை சுமார் 150 கோடியிலிருந்து 1,361 கோடியாகிவிட்டது. செய்தித்தாளில் லாபத்தைப் போடுகிறார்கள், பங்கு விலையைப் போடுகிறார்கள், கடனைப் போடுகிறார்கள். எத்தனை பங்குகள் என்பதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. சிறு முதலீட்டாளர்கள் அதிகம் கைவிட்டது இந்த ஒரு எண்ணில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெல்லை, குமரிப் பக்கம் பயணம் செய்தவர்களுக்குக் காற்றாலைகள் புதிதல்ல. அவற்றைச் செய்து தரும் தொழிலில் இந்தியாவின் பெரிய பெயர், புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சுஸ்லான். 2005-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் ஏராளமான சிறு முதலீட்டாளர்கள் அதை வாங்கினார்கள். இபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பங்கு ஒன்றுக்கான வருவாயைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2007-08 நிதியாண்டில் சுஸ்லான் குழுமத்தின் நிகர லாபம் சுமார் 1,030 கோடி ரூபாய். இபிஎஸ் ஏறத்தாழ 7 ரூபாய். 2023-24-ல் நிகர லாபம் சுமார் 660 கோடி. இபிஎஸ் ஏறத்தாழ 50 காசு. லாபம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் பங்கு ஒன்றுக்கு வர வேண்டியது பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

15,000 பங்குகள் வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2008-ல் அவர் அந்த நிறுவனத்தில் லட்சத்தில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரர். அந்த ஆண்டு லாபத்தில் அவர் பெயரில் எழுதத்தக்கது ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 2024-ல் அதே 15,000 பங்குகளுடன் அவர் ஒன்பது லட்சத்தில் ஒரு பாகத்துக்குச் சொந்தக்காரர். லாபத்தில் அவர் பெயருக்கு வருவது 7,500 ரூபாய் அளவுதான். அவர் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. டிமேட் கணக்கில் 15,000 என்ற எண் அப்படியே இருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய இன்னொரு எண் மாறிவிட்டது.

(2022-23-ஐ விட்டுவிட்டு 2023-24-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2022-23-ல் சுஸ்லான் காட்டிய லாபம் 2,887 கோடி. அதில் பெரும்பகுதி, கடன் மறுசீரமைப்பால் ஏட்டில் வந்த ஒருமுறை லாபம். காற்றாலை விற்று வந்ததல்ல. அப்படிப்பட்ட ஆண்டின் இபிஎஸ்ஸை வைத்து எதையும் ஒப்பிடக் கூடாது.)

வகுப்பதில் இருக்கும் நுணுக்கம்

லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இபிஎஸ். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எந்த லாபம், எந்த எண்ணிக்கை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லாபம் என்பது வட்டியும் வரியும் போக, முன்னுரிமைப் பங்குகளுக்குக் கொடுக்க வேண்டிய டிவிடெண்டும் போக, துணை நிறுவனங்களில் மற்றவர்களுக்குச் சேர வேண்டியதும் போக, சாதாரணப் பங்குதாரருக்கு மிஞ்சுவது. எண்ணிக்கை என்பது மார்ச் 31 அன்று இருக்கும் எண்ணிக்கை அல்ல, ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஆண்டுத் தொடக்கத்தில் 10 கோடி பங்குகள் இருந்து, அக்டோபர் 1 அன்று பணம் வாங்கிக்கொண்டு இன்னும் 4 கோடி பங்குகள் வெளியிட்டால், அந்த 4 கோடிக்கு அரை ஆண்டு எடைதான் கிடைக்கும். ஆகவே வகுக்கும் எண் 14 அல்ல, 12 கோடி. புதிதாக வந்த பணம் அரை ஆண்டுதான் உழைத்திருக்கிறது என்பதால் இது நியாயமானது. அதேசமயம், அடுத்த ஆண்டு முழு 14 கோடியும் வகுக்க வந்து நிற்கும். நடப்பு ஆண்டின் இபிஎஸ் அதைக் காட்டாது.

போனஸ் பங்கும் முகமதிப்புப் பிரிப்பும் வேறு வகை. சுஸ்லான் 2008 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 2 ரூபாய்ப் பங்குகள் ஐந்தாகப் பிரித்தது. எல்லோருடைய கையிலும் ஒரே விகிதத்தில் பங்குகள் கூடியதால் யாருடைய பாகமும் குறையவில்லை. இப்படிப்பட்ட மாற்றம் நடந்தால் முந்தைய ஆண்டுகளின் இபிஎஸ்ஸையும் புதிய எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும் என்பது கணக்குத் தரநிலையின் விதி. நான் மேலே சொன்ன எண்கள் எல்லாமே 2 ரூபாய் முகமதிப்புக்கு உரியவை. ஆகவே 150 கோடி 1,361 கோடியானதில் பிரிப்புக்குப் பங்கே இல்லை. அத்தனையும் புதிதாக வெளியிடப்பட்டவை.

கடனாகப் பிறந்து பங்காக மாறுவது

புதிய பங்கை நேராக விற்பது ஒரு வழி. அது எல்லோர் கண்ணிலும் படும். இன்னொரு வழி, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையோடு கடன் வாங்குவது. மாற்றத்தக்க டிபென்ச்சர், வெளிநாட்டுப் பணத்தில் வாங்கினால் எஃப்சிசிபி என்று இதற்குப் பல வடிவங்கள். கடன் கொடுப்பவர் குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொள்கிறார். சில சமயம் வட்டியே வேண்டாம் என்றுகூடச் சொல்கிறார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது, ஒரு குறிப்பிட்ட விலையில் கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை. பங்கு விலை அதற்கு மேல் ஏறினால் மாற்றிக்கொள்வார். ஏறாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

இப்படிப்பட்ட கடன் இருக்கும் நிறுவனம் இரண்டு இபிஎஸ்களைக் காட்ட வேண்டும். ஒன்று பேசிக் இபிஎஸ், இப்போது உள்ள பங்குகளின்படி. மற்றது டைல்யூட்டட் இபிஎஸ், மாற்றத்தக்க கடனெல்லாம் இன்றே பங்காகிவிட்டால் என்ன வரும் என்று பார்ப்பது. இந்தியக் கணக்குத் தரநிலை 33 இதன் வழிமுறையைச் சொல்கிறது.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். லாபம் 100 கோடி, பங்குகள் 10 கோடி. பேசிக் இபிஎஸ் 10 ரூபாய். இந்த நிறுவனம் 200 கோடி ரூபாய்க்கு 8 சதவீத வட்டியில் மாற்றத்தக்க டிபென்ச்சர் வெளியிட்டிருக்கிறது. மாற்று விலை 100 ரூபாய். மாற்றினால் 2 கோடி புதிய பங்குகள் பிறக்கும், அதனால் வகுக்கும் எண் 12 கோடியாகும். ஆனால் கடன் பங்காகிவிட்டால் வட்டி கட்ட வேண்டியதில்லையே. ஆண்டு வட்டி 16 கோடி. அந்த வட்டியைச் செலவாகக் காட்டியதால் மிச்சமான வரி, 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4 கோடி. ஆக லாபம் 12 கோடி கூடும். 112 கோடியை 12 கோடியால் வகுத்தால் 9 ரூபாய் 33 காசு. இதுதான் டைல்யூட்டட் இபிஎஸ். பத்து ரூபாயில் 67 காசு, இன்னும் பிறக்காத பங்குகளுக்குப் பேசி வைத்திருக்கிறது.

அதே டிபென்ச்சரின் மாற்று விலை 200 ரூபாய் என்று இருந்தால் ஒரு கோடி பங்குகள்தான் பிறக்கும். 112-ஐ 11-ஆல் வகுத்தால் 10 ரூபாய் 18 காசு. மாற்றினால் இபிஎஸ் கூடுகிறது. அப்படியானால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது தரநிலை. டைல்யூட்டட் இபிஎஸ் என்பது எச்சரிக்கைக்காகச் சொல்லும் எண், நிறுவனத்தை அழகாகக் காட்டுவதற்கு அல்ல என்பதுதான் அந்த விதியின் எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்த விதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. சுஸ்லான் கதையில் அது முக்கியம்.

அதே கற்பனை நிறுவனம் அடுத்த ஆண்டு 100 கோடி நட்டமடைகிறது என்று வையுங்கள். பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் நட்டம். 100 ரூபாய் மாற்று விலையில் டிபென்ச்சர் பங்காகிவிட்டதாகக் கணக்குப் போட்டால், 88 கோடி நட்டத்தை 12 கோடி பங்குகளுக்குப் பிரிப்போம். 7 ரூபாய் 33 காசு நட்டம். நட்டம் குறைந்ததுபோல் தெரிகிறது. எனவே விதிப்படி அதைச் சேர்க்க முடியாது. இரண்டு வரிகளிலும் அதே 10 ரூபாய் நட்டம்தான் அச்சாகும். வாசிப்பவர், பேசிக்கும் டைல்யூட்டட்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது, மாற்றத்தக்கது எதுவும் இல்லைபோல என்று எண்ணிவிடுவார். 2 கோடி பங்குகள் பிறக்கக் காத்திருப்பது அந்த இரண்டு வரிகளில் எங்கும் தெரியாது.

மாற்று விலை இறங்கிய விதம்

2007-ல் சுஸ்லான் இரண்டு தவணையாக மொத்தம் 50 கோடி டாலருக்கு எஃப்சிசிபி வெளியிட்டது. ஜூனில் 30 கோடி, அக்டோபரில் 20 கோடி. ஆண்டு வட்டி கிடையாது. ஐந்தாண்டு முடிவில், 2012-ல், பங்காக மாற்றிக்கொள்ளாதவர்களுக்குக் கொடுத்த முதலுக்கு ஏறத்தாழ 45 சதவீதம் கூட்டித் திருப்பித் தர வேண்டும். மாற்று விலை, இன்றைய 2 ரூபாய் முகமதிப்பில் சொன்னால், முதல் தவணைக்குச் சுமார் 360 ரூபாய், இரண்டாவதற்குச் சுமார் 370 ரூபாய். அன்றைய டாலர் 40 ரூபாய் அளவில் இருந்ததால் ஆயிரம் டாலர் பத்திரத்துக்குச் சுமார் 110 பங்குகள்.

அன்று இதைப் பார்த்த யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது. 50 கோடி டாலரும் பங்கானாலும் ஐந்தரைக் கோடி பங்குகள் அளவில்தான் கூடும். 150 கோடியோடு அது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. டைல்யூட்டட் இபிஎஸ் காட்டிய எச்சரிக்கையும் அந்த அளவுதான். அந்த எண் பொய் சொல்லவில்லை. அன்றைய ஒப்பந்தத்தில் என்ன விலை எழுதியிருந்ததோ அதை வைத்து நேர்மையாகக் கணக்குப் போட்டது. ஒப்பந்தமே பின்னால் மாறும் என்பதை மட்டும் அது சொல்ல வழியில்லை.

அதே காலத்தில் சுஸ்லான் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்தைப் பெரும் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. காற்றாலை ஆர்டர்கள் குறைந்தன, கடன் அப்படியே நின்றது. பங்கு விலை சரிந்தது. 360 ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு மதிப்பே இல்லாமல் போனது. பத்திரக்காரர்களோடு பேசி 2009-லேயே நிபந்தனைகள் மாற்றப்பட்டன. மாற்று விலை 100 ரூபாய்க்குக் கீழே வந்தது.

2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட எஃப்சிசிபி தொகையைச் சுஸ்லானால் திருப்பித் தர முடியவில்லை. 2014-ல் நிலுவைகளைச் சேர்த்து ஏறத்தாழ 54.7 கோடி டாலருக்குப் புதிய மாற்றத்தக்க பத்திரங்களாக மாற்றினார்கள். இந்த முறை மாற்று விலை 15 ரூபாய் 46 காசு. டாலருக்கு 60 ரூபாய்க்குச் சற்று மேல் என்று விகிதமும் நிர்ணயிக்கப்பட்டது. ஆயிரம் டாலருக்கு 2007-ல் 110 பங்குகள் கிடைத்திருக்கும். இப்போது 3,900 பங்குகள். எல்லாமே மாற்றப்பட்டால் பிறக்கக்கூடிய பங்குகள் சுமார் 213 கோடி. 2014 மார்ச்சில் நிறுவனத்தில் இருந்த மொத்தப் பங்குகளே ஏறத்தாழ 250 கோடிதான். நிறுவனத்துக்குள் இன்னொரு நிறுவனமே பிறக்கக் காத்திருந்தது என்று சொல்லலாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் டைல்யூட்டட் இபிஎஸ் என்ன சொல்லியிருக்கும்? 2014-15-ல் சுஸ்லானின் நட்டம் 9,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ரீபவரை, அப்போது அதன் பெயர் சென்வியான், விற்றதில் ஏற்பட்ட இழப்பு அதில் பெரும்பகுதி. நட்ட ஆண்டு என்பதால் மேலே சொன்ன விதி குறுக்கே நின்றது. மாற்றத்தக்க பத்திரங்களைச் சேர்த்தால் நட்டம் குறைந்ததுபோல் தெரியும் என்பதால் சேர்க்க முடியாது. நான்கு சதவீத ஆபத்து இருந்த ஆண்டில் எச்சரித்த எண், கிட்டத்தட்ட பாதி நிறுவனத்தின் அளவுக்குப் பங்குகள் காத்திருந்த ஆண்டில் வாயைத் திறக்கவில்லை.

இதில் சுஸ்லானையோ கணக்காயர்களையோ குறை சொல்ல ஒன்றுமில்லை. விதிப்படி நடந்தது. மாற்று விலையும் அதிகபட்சப் பங்குகளும் ஆண்டறிக்கையில் கடன்கள் பற்றிய குறிப்பில் எழுதப்பட்டே இருந்தன. வாசகர்தான் அந்தப் பக்கம் போகவில்லை. எந்த நிறுவனத்திலும் இதே ஒழுங்குதான் நடக்கும். மாற்று விலை கீழே இறக்கப்படுவது நிறுவனம் நலிந்திருக்கும்போது. அதே நலிவு நட்டமாக ஏட்டில் இருப்பதால், டைல்யூட்டட் இபிஎஸ் பயன்படாமல் போவதும் அப்போதுதான்.

பத்திரங்களில் பெரும்பகுதி அடுத்த சில ஆண்டுகளில் பங்கானது. மிஞ்சிய 17.2 கோடி டாலரையும் 2019 ஜூலையில் திருப்பித் தர முடியாமல் போனது. 2020-ல் இன்னொரு மறுசீரமைப்பு. இம்முறை டாலர் பத்திரங்களுக்கு மாற்று விலை 2 ரூபாய் 61 காசு. ஆயிரம் டாலர் முகமதிப்புக்கு 28,000 பங்குகளுக்கு மேல். உள்நாட்டு வங்கிகள் தங்கள் கடனில் ஒரு பகுதிக்குப் பதிலாக 100 கோடி பங்குகளையும், விரும்பினால் மாற்றிக்கொள்ளக்கூடிய 4,100 கோடி ரூபாய் டிபென்ச்சர்களையும் பெற்றன. அந்த டிபென்ச்சருக்கு வட்டி 0.01 சதவீதம். வட்டி என்று சொல்ல ஒன்றுமில்லாத கடனை வங்கி ஏன் ஏற்கிறது என்று கேட்டால், பதில் மாற்றும் உரிமையில் இருக்கிறது. பங்கு எண்ணிக்கை 2020 மார்ச்சில் 532 கோடி. ஒரே ஆண்டில் 851 கோடியானது. பிறகு 2022-ல் பழைய பங்குதாரர்களுக்கான உரிமைப் பங்கு வெளியீட்டில் 240 கோடி, 2023-ல் நிறுவன முதலீட்டாளர்களுக்கு 114 கோடி என்று சேர்ந்து, இடையில் நடந்த மாற்றங்களும் கூடி, 2024 மார்ச்சில் 1,361 கோடியில் வந்து நின்றது.

எந்த விலைக்கு என்பதே கேள்வி

இவ்வளவையும் படித்துவிட்டு, புதுப் பங்கு வெளியிடுவதே அநியாயம் என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 2020-ல் அந்தப் பங்குகள் வெளியிடப்படாவிட்டால் சுஸ்லான் திவால் நீதிமன்றத்துக்குப் போயிருக்கக்கூடும். அங்கே சாதாரணப் பங்குதாரருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. பாகம் சுருங்குவதும் பாகமே இல்லாமல் போவதும் ஒன்றல்ல. 2020-ல் 2, 3 ரூபாய்க்கு அந்தப் பங்கை வாங்கியவர்களுக்கு இது பெரும் லாபக் கதை. 2008-ல் வாங்கியவர்களுக்குத்தான் மீளாத நட்டம்.

பார்க்க வேண்டியது வெளியிடும் விலை. 2015-ல் திலீப் ஷாங்வி தரப்பு 1,800 கோடி ரூபாய் முதலீடு செய்தபோது பங்கு 18 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. 100 கோடி பங்குகள். 2020-ல் புரமோட்டர்களும் மற்றவர்களும் 392 கோடி ரூபாய் போட்டபோது விலை 2 ரூபாய் 45 காசு. சுமார் 160 கோடி பங்குகள். வந்த பணம் நான்கில் ஒன்றுக்கும் குறைவு, கொடுத்த பங்குகள் ஒன்றரை மடங்குக்கும் மேல். 1,800 கோடியை 2020-ன் விலையில் திரட்ட வேண்டியிருந்தால் 735 கோடி பங்குகள் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். 2023-ல் நிலைமை சீராகி, 17 ரூபாய் 55 காசுக்குப் பங்கு விற்று 2,000 கோடி திரட்ட முடிந்தது. அதற்கு 114 கோடி பங்குகளே போதுமாக இருந்தன. விலை நன்றாக இருக்கும்போது பணம் திரட்டும் நிர்வாகம் பழைய பங்குதாரரைக் காக்கிறது. தேவை கழுத்தை நெரிக்கும்வரை காத்திருக்கும் நிர்வாகம் அவருடைய பாகத்தை மலிவாக விற்க நேர்கிறது. என் கணிப்பில் ஒரு நிறுவனத்தின் தரத்தை அளக்க டிவிடெண்டைவிட இது நல்ல அளவுகோல்.

இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். கட்டாயம் பங்காக மாறியே தீர வேண்டிய முன்னுரிமைப் பங்கு, சிசிபிஎஸ் என்பது. புதுயுக நிறுவனங்கள் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன் முதலீடு வாங்குவது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். இது மாறுமா மாறாதா என்ற கேள்வியே இல்லாததால், ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தே பேசிக் இபிஎஸ்ஸிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது தரநிலை. ஐபிஓ விண்ணப்பத்தைப் படிக்கும்போது, சாதாரணப் பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு விலை மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். இவை மாறிய பிறகு எத்தனை பங்குகள் என்பதே உண்மையான எண்ணிக்கை.

எங்கே பார்ப்பது

எந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவையும் பங்குச் சந்தை இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லாபத்துக்குக் கீழே, பெரும்பாலானவர்கள் வாசிப்பதை நிறுத்திவிடும் இடத்தில், செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முகமதிப்பு இருக்கும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் பங்குகளின் எண்ணிக்கை. 2008 மார்ச்சில் சுஸ்லானின் இந்த வரி சுமார் 299 கோடி ரூபாய். முகமதிப்பு 2 ரூபாய் என்பதால் 150 கோடி பங்குகள். 2024 மார்ச்சில் அதே வரி 2,720 கோடி ரூபாய் அளவு. இடையில் உள்ள ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்து இந்த ஒரு வரியை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதினாலே முழுக் கதையும் தெரிந்துவிடும். போனஸோ பிரிப்போ நடந்திருந்தால் மட்டும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கும் கீழே பேசிக், டைல்யூட்டட் என்று இரண்டு இபிஎஸ் வரிகள். காலாண்டு இபிஎஸ் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் உரியது. ஆண்டு இபிஎஸ்ஸோடு அதை ஒப்பிடக் கூடாது. இரண்டு வரிகளுக்கும் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி எதனால் என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். இடைவெளியே இல்லாமல் நிறுவனம் நட்டத்தில் இருந்தால் இன்னும் கவனமாகத் தேடுங்கள். ஆண்டறிக்கையில் பங்கு மூலதனம் பற்றிய குறிப்பும் கடன்கள் பற்றிய குறிப்பும் வேண்டியவை. மாற்றத்தக்கது என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் மாற்று விலை என்ன, காலக்கெடு எப்போது, அந்த விலையை மாற்றியமைக்க ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்று படியுங்கள். பத்திரத் தொகையை மாற்று விலையால் வகுத்து, கிடைப்பதை இப்போதுள்ள பங்குகளோடு கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், பிஇ விகிதத்தை வைத்துப் பங்கு மலிவா என்று முடிவு செய்யும் முன், இந்தப் புதிய எண்ணிக்கையால் லாபத்தை நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.